தீபாவளிச் சரக்கு இன்னும் வரவில்லை: மொத்த வியாபாரிக்குக் கடிதம் எழுதுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் இருபத்தெட்டு வருடம் புடவைக் கடை நடத்தினேன். சரக்கெல்லாம் கொழும்பு புறக்கோட்டையிலிருந்து லொறியில்தான் வரும். இப்போது கடையை மகன் பார்க்கிறான். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புரட்டாசி கடைசியில் யாராவது ஒரு கடைக்காரர் சிட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவர்கள் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பத்துத் தரம் தொலைபேசியில் பேசிவிட்டேன். "நாளைக்கு அனுப்புகிறோம்" என்கிறார்கள். இதற்குமேல் கடிதம் எழுதி என்ன ஆகப்போகிறது?

தொலைபேசியை எடுப்பவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் கணக்குப்பிள்ளை அல்லது மேசையில் இருக்கும் பையன். எந்தக் கடைக்கு முதலில் பொதி கட்டுவது என்று தீர்மானிப்பவர் அவர் இல்லை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் ஒரு மொத்தக் கடையின் களஞ்சியத்தில் பல ஊர்க் கடைகளின் சரக்குகள் கட்டப்படாமல் காத்துக்கிடக்கும். நேரில் வந்து நிற்பவனுக்கும் ரொக்கம் தருபவனுக்கும் முதலில் கட்டுவார்கள். தூரத்திலிருந்து பேசுகிற உங்களுக்கு "நாளைக்கு" என்ற சொல்தான் கிடைக்கும்.

தொலைபேசியில் நீங்கள் "எப்போது வரும்?" என்று கேட்கிறீர்கள். அதற்கு எந்தப் பதிலும் சொல்லலாம், சொன்னவருக்கு நட்டம் இல்லை. கடிதத்திலோ "இந்தத் திகதிக்குப் பின் வந்தால் இதை எடுக்க மாட்டேன், இவ்வளவு பணம் கழியும்" என்று எழுதுகிறீர்கள். இது முதலாளியின் மேசைக்குப் போகும். தாமதித்தால் எந்தச் சரக்கு தன் கையிலேயே தேங்கும், எவ்வளவு பணம் வராமல் போகும் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். அந்தக் கணக்குதான் உங்கள் பொதியை மேலே எடுத்து வைக்கும்.

தீபாவளிக்கு எத்தனை நாள் இருக்கும்போது எழுத வேண்டும்? அவசரப்பட்டு எழுதினால் மனக்கசப்பு வராதா?

தீபாவளியிலிருந்து எண்ணாதீர்கள், வாக்குத் தந்த திகதியிலிருந்து எண்ணுங்கள். அந்தத் திகதி கடந்து மூன்று வேலை நாளுக்குள் கடிதம் போய்விட வேண்டும். ஒரு நாள் பிந்துவது லொறியின் தவறாக இருக்கலாம். கொழும்பில் இரவு ஏற்றினால் தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக விடிவதற்குள் இங்கே வந்துசேரும் பாதை இது. மூன்று நாளாகியும் வரவில்லை என்றால் பெரும்பாலும் சரக்கு ஏற்றப்படவே இல்லை.

2025 தீபாவளியில் ஒரு கடைக்காரருக்காக நான் போட்ட கணக்கையே சொல்கிறேன். விளங்குவதற்காக எண்களை மட்டும் எளிதாக்கியிருக்கிறேன். அந்த வருடம் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. அவர் செப்டெம்பர் 8 ஆம் திகதி நேரில் போய்ச் சரக்குத் தெரிந்தெடுத்தார். செப்டெம்பர் 27, சனிக்கிழமைக்குள் கடையில் ஒப்படைப்பதாகச் சிட்டையில் எழுதித் தந்தார்கள். அடுத்த புதன்கிழமை, ஒக்டோபர் 1 ஆம் திகதி, கடிதம் எழுதினோம். இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் வார இறுதி வந்திருக்கும். அதற்கடுத்த திங்கட்கிழமை, 6 ஆம் திகதி, போயா விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை போன கடிதத்தைச் செவ்வாய்க்கிழமைதான் பிரிப்பார்கள், தீபாவளிக்கு இருக்கும் நாட்களில் நான்கு வீணாகப் போயிருக்கும்.

மனக்கசப்பு வருவது சீக்கிரம் எழுதுவதால் இல்லை. பொறுத்துப் பொறுத்துக் கடைசியில் கோபத்தோடு எழுதுவதால்தான்.

எல்லாச் சரக்குக்கும் சேர்த்து "15 ஆம் திகதிக்குள் அனுப்புங்கள்" என்று ஒரே கடைசித் திகதி போட்டால் போதாதா?

போதாது. பலரும் பிழைவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு பொதிக்குள் மூன்று வகைச் சரக்கு இருக்கலாம். அவை செல்லாக்காசாகும் நாள் மூன்றுக்கும் வேறு வேறு. சேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சேலை வாங்கிய அன்றே கட்ட முடியாது. சட்டை தைக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும். நம் ஊர்த் தையற்காரர்கள் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே "இனி எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல் ஊரில் பரவிய மறுநாளே சேலை விற்பனை விழுந்துவிடும். ஆகவே சேலையின் உண்மையான தீபாவளி 20 ஆம் திகதி இல்லை, ஏறத்தாழ 10 ஆம் திகதி. விலை போட்டு அடுக்க ஒரு நாள், பார்த்துப்போய்த் திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு நாள் விட்டால், 8 ஆம் திகதிக்குப் பின் வரும் சேலையை நம்பி நீங்கள் இருக்க முடியாது.

சிறுவர் உடுப்பு அடுத்தது. அதற்குத் தையல் இல்லை, ஆனால் அளவு இருக்கிறது. தாய் பிள்ளையைக் கூட்டிவராமல் வாங்கிப் போவாள், போட்டுப் பார்த்தால் சிறிதாக இருக்கும், மாற்ற வருவாள். இந்தப் போக்குவரத்துக்கு ஒரு வாரமாவது வேண்டும். அதனால் 13 ஆம் திகதி. வேட்டிக்கும் சாரத்துக்கும் அளவும் இல்லை, தையலும் இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கும் ஆண்கள் வந்து வாங்கிப் போவார்கள். 16 ஆம் திகதி வந்தாலும் விற்றுவிடலாம்.

ஒரே திகதி போட்டால் என்ன நடக்கும்? 15 என்று எழுதினால் சேலை 14 ஆம் திகதி வந்து இறங்கும். நீங்கள் மறுக்க முடியாது, நீங்களே கொடுத்த திகதிதானே! 8 என்று எழுதினால், சாரம் 9 ஆம் திகதி வந்தாலும் "வேண்டாம்" என்று சொல்ல வேண்டிய நிலை வரும். சொல்லமாட்டீர்கள், எடுத்துக்கொள்வீர்கள். அப்போது நீங்கள் போட்ட திகதி வெறும் பயமுறுத்தல் என்று மொத்த வியாபாரி தெரிந்துகொள்வார். அடுத்த வருடம் உங்கள் கடிதத்துக்கு மதிப்பு இருக்காது. உண்மையாகவே மறுப்பீர்களா என்று உங்களையே கேட்டுவிட்டுத்தான் ஒவ்வொரு திகதியையும் எழுத வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரு குடும்பம் தீபாவளிக்குப் பெரும்பாலும் ஒரே கடையில்தான் எல்லாம் எடுக்கும், முதலில் எடுப்பது சேலை. உங்களிடம் சேலை இல்லை என்று அடுத்த கடைக்குப் போனவர்கள் பிள்ளைகளின் உடுப்பையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள். ஆகவே மொத்த வியாபாரி "எதை முதலில் அனுப்ப?" என்று கேட்டால், விலை கூடிய பொதியைச் சொல்லாதீர்கள், நாள் குறைந்த பொதியைச் சொல்லுங்கள். அந்தக் கடைக்காரருக்கு இரண்டும் சேலையாகவே அமைந்தன. எல்லோருக்கும் அப்படி அமையாது.

முழுக் கடிதத்தையும் ஒரு தரம் எழுதிக் காட்ட முடியுமா?

அன்று அனுப்பிய கடிதம் இது. பெயர்களை எடுத்துவிட்டேன்.

திருகோணமலை
01.10.2025

மதிப்புக்குரிய முதலாளி அவர்களுக்கு,

08.09.2025 சிட்டை: தீபாவளிச் சரக்கு

வணக்கம். மேற்படி திகதியில் தங்கள் கடைக்கு நேரில் வந்து 12 இலட்சம் ரூபாவுக்குச் சரக்குத் தெரிந்தெடுத்தேன். அன்றே 3 இலட்சம் ரூபாவைப் பணமாகத் தந்தேன். மிகுதி 9 இலட்சத்துக்கு 24.10.2025, 07.11.2025 ஆகிய திகதிகளிட்டு, தலா நாலரை இலட்சம் ரூபாவுக்கு இரண்டு காசோலைகள் தந்தேன். 27.09.2025 சனிக்கிழமைக்குள் சரக்கு என் கடையில் ஒப்படைக்கப்படும் என்று சிட்டையில் எழுதப்பட்டிருக்கிறது. இன்றுவரை ஒரு பொதியும் வரவில்லை. லொறிச் சீட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

இது தீபாவளி விற்பனைக்கான சரக்கு என்பதைத் தெரிந்தெடுத்த அன்றே தங்களுக்குச் சொல்லியிருந்தேன். ஆகவே ஒவ்வொரு பகுதியையும் நான் ஏற்கக்கூடிய கடைசி நாளைக் கீழே தருகிறேன்.

சேலை 120, பெறுமதி 540,000 ரூபா: 08.10.2025 புதன் மாலைக்குள்.
சிறுவர் உடுப்பு 180, பெறுமதி 360,000 ரூபா: 13.10.2025 திங்கள் மாலைக்குள்.
வேட்டியும் சாரமும் 200, பெறுமதி 300,000 ரூபா: 16.10.2025 வியாழன் மாலைக்குள்.

சேலைக்குச் சட்டை தைக்க வேண்டியிருப்பதால் அதன் திகதியைத் தள்ளிப்போட முடியாது. இந்த நாட்களுக்குப் பின் வரும் பகுதியை நான் ஏற்க மாட்டேன். அதன் பெறுமதியை மிகுதிப் பணத்தில் கழித்துக்கொண்டு, தங்களிடம் இருக்கும் காசோலைகளுக்குப் பதிலாகப் புதிய காசோலைகள் தருவேன்.

எல்லாம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். ஆயத்தமாக இருப்பதை உடனே ஏற்றிவிடுங்கள். இரண்டு தடவையாக அனுப்புவதால் கூடும் லொறிக் கூலியில் பாதியை நான் ஏற்கிறேன்.

எது, எந்த நாளில் ஏற்றப்படும் என்பதை 03.10.2025 வெள்ளி மாலைக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். ஏற்றியதும் லொறிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள்.

பல தீபாவளிகள் தங்களோடு வியாபாரம் செய்திருக்கிறேன். அதனால்தான் வேறு இடத்தில் வாங்குமுன் தங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
(ஒப்பம், கடை முத்திரை)

இதில் கூலியில் பாதி ஏற்பதாக எழுதிய வரியைக் கடைக்காரர் முதலில் விரும்பவில்லை. "பிழை அவர்களுடையது, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் மொத்தக் கடையில் பொதிகளைச் சேர்த்து வைத்திருப்பதற்கு முக்கியமான காரணமே கூலியை மிச்சப்படுத்துவது. அந்தத் தடையைச் சில ஆயிரம் ரூபாவில் நீக்க முடிந்தால் நீக்கிவிடுவதே நல்லது.

திகதி எதுவும் எழுதவில்லை. "தீபாவளிக்கு முதல் அனுப்பிவிடுவோம்" என்று வாயால்தான் சொன்னார்கள். அப்போது நான் கேட்க உரிமை உண்டா?

உண்டு, ஆனால் உங்கள் நிலை மெலிந்தது. இலங்கையில் சரக்கு விற்பனையை ஆள்வது 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். திகதி பேசப்படாதபோது, அனுப்ப வேண்டிய விற்பனையாளர் நியாயமான காலத்துக்குள் அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. எது நியாயமான காலம் என்பதை அந்தந்த விடயத்தின் சூழலை வைத்துத்தான் பார்ப்பார்கள். தீபாவளிச் சரக்கு தீபாவளிக்குப் பின் வந்தால் அது நியாயமான காலம் இல்லை என்று வாதிடலாம். 14 ஆம் திகதி வந்த சேலையைப் பற்றி வாதிடுவது கடினம்.

திகதி பேசாதவர்கள் கடிதத்தின் முதற்பகுதியை மாற்ற வேண்டும். "வாக்குத் தந்தீர்கள்" என்று எழுதாதீர்கள். நீங்கள் சொன்னதாக நினைப்பதை அவர் சொல்லவில்லை என்பார், சண்டை அங்கேயே தொடங்கிவிடும். "இது தீபாவளி விற்பனைக்கான சரக்கு என்று தங்களுக்குத் தெரியும். ஆகவே எனக்குப் பயன்படும் கடைசி நாட்களை இப்போது அறியத்தருகிறேன். இவை தங்களுக்கு இயலாது என்றால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்" என்று எழுதுங்கள். அவர் "சரி" என்று ஒரு சொல் பதில் அனுப்பினாலும் உங்களுக்குத் திகதி கிடைத்துவிடும்.

"லொறியில் ஏற்றிவிட்டோம், இனி எங்கள் பொறுப்பில்லை" என்கிறார்கள். அது சரியா?

சில வேளைகளில் சரி, அதுதான் ஆபத்து. வேறு விதமாகப் பேசப்படாவிட்டால், வாங்குபவருக்கு அனுப்புவதற்காக லொறிக்காரரிடம் கொடுப்பதையே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகச் சட்டம் முதற்பார்வையில் எடுத்துக்கொள்ளும். அதனால் சிட்டை எழுதும் அன்றே "திருகோணமலையில் கடையில் ஒப்படைப்பு" என்ற வார்த்தைகளை எழுதிவிடச் சொல்லுங்கள். மேலே உள்ள கடிதத்தில் "என் கடையில் ஒப்படைக்கப்படும்" என்று சிட்டையை எடுத்துக்காட்டியதற்கும் அதுவே காரணம்.

உண்மையில் ஏற்றினார்களா என்பதை லொறிச் சீட்டை வைத்து அறியலாம். அதில் ஏற்றிய திகதியும் பொதிகளின் எண்ணிக்கையும் பெறுபவரின் கடையும் இருக்கும். ஒரு வருடம் என்னிடம் "நேற்றே ஏற்றியாயிற்று" என்றார்கள். மூன்று நாள் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் இங்குள்ள லொறி அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கேட்டேன். என் கடைப் பெயரில் ஒரு சீட்டும் இல்லை. சரக்கு கொழும்புக் களஞ்சியத்தை விட்டு நகரவே இல்லை. அன்றிலிருந்து "ஏற்றிவிட்டோம்" என்ற சொல்லுக்கு நான் தரும் பதில் ஒன்றுதான்: "எத்தனை பொதி? சீட்டு இலக்கம் என்ன?" ஏற்றியவர் உடனே சொல்லிவிடுவார். ஏற்றாதவர் "பார்த்துச் சொல்கிறேன்" என்பார்.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பவா, வாட்ஸ்அப்பில் அனுப்பவா?

இரண்டிலும். ஒப்பமிட்ட கடிதத்தைப் படம் எடுத்து அன்றே முதலாளியின் இலக்கத்துக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், மூலத்தைப் பதிவுத் தபாலில் போட்டுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொதியை நகர்த்தப்போவது வாட்ஸ்அப்தான். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இத்தகைய செய்திகளுக்கும் சட்ட மதிப்புத் தருகிறது. ஆகவே அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள். குரல்பதிவாக மட்டும் அனுப்ப வேண்டாம், திகதியும் தொகையும் கண்ணால் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

அவர்களுடைய கணக்காளருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. என்ன செய்வது?

கடிதம் தமிழிலேயே இருக்கட்டும். மூன்று பகுதிகளின் எண்ணிக்கை, தொகை, திகதி ஆகியவற்றை மட்டும் தெரிந்த ஒருவரைக் கொண்டு சிங்களத்தில் எழுதுவித்து, ஒரு தனித்தாளில் இணைத்துவிடுங்கள். முழுக் கடிதத்தையும் அரைகுறையாக மொழிபெயர்க்கப் போனால் "ஏற்க மாட்டேன்" என்ற வரிதான் முதலில் திரிந்துபோகும்.

காசோலை ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கிறது. வங்கியில் நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து ஓசைப்படாமல் நிறுத்திவிடாதீர்கள். பிற்திகதியிட்ட காசோலையை அந்தத் திகதிக்கு முன் வங்கி மாற்றாது. 24 ஆம் திகதிவரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்குள் நீங்கள் நிறுத்தினால் தாமதித்தவர் அவர் என்பது மறைந்து, பணம் கொடுக்காதவர் நீங்கள் என்பது முன்னே வரும். கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பினால் நிலைமை இன்னும் மோசம். 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ், பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது குற்றமாகலாம். புறக்கோட்டையில் ஒரு கடையில் திரும்பிய காசோலையைப் பற்றி அடுத்த நான்கு கடைகளும் அறியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாற்றித் தருவேன் என்று எழுதுவதே சரியான வழி. எந்தப் பகுதி வரவில்லையோ அதன் தொகையைக் கழித்துப் புதிய காசோலையை எழுதி, பழையதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழையது கைக்கு வராமல் புதியதைக் கொடுக்காதீர்கள். 24 ஆம் திகதி நெருங்கியும் அவர் இணங்கவில்லை என்றால், அவருக்கு முதலில் எழுத்தில் அறிவித்து, ஒரு சட்டத்தரணியிடமும் கேட்ட பின்னரே வங்கிக்குப் போங்கள்.

பாதிச் சரக்கு வந்திருக்கிறது. எடுத்தால் எல்லாவற்றையும் ஏற்றதாகிவிடுமா?

முன்பே பேசிக்கொள்ளாவிட்டால், பகுதி பகுதியாக வருவதை ஏற்கும் கடமை உங்களுக்கு இல்லை. குறைவாக வந்தால் மறுக்கலாம், ஏற்றால் ஏற்றதற்குப் பேசிய விலையைக் கொடுக்க வேண்டும். ஆனால் நம் கடிதத்தில் பகுதியாக அனுப்பும்படி நாமே கேட்டிருக்கிறோம். அதனால் திகதிக்குள் வந்த பகுதியை எடுக்கத்தான் வேண்டும்.

திகதி தவறி வந்த பொதியில்தான் கவனம் வேண்டும். வேண்டாம் என்றால் உடனே, அன்றே, எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் கடையில் வைத்துக்கொண்டே போனால் ஏற்றதாகக் கருதப்படும். விலைச்சீட்டு ஒட்டி அடுக்கினாலும் அப்படியே. மறுத்த பொதியை உங்கள் செலவில் கொழும்புக்குத் திருப்பி அனுப்பும் கடமை உங்களுக்கு இல்லை. மறுத்ததை அறிவித்தால் போதும், அவர்கள் எடுத்துப்போகும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

ஐப்பசி மழை தொடங்கும் காலம் என்பதால் இன்னொன்று. பொதியை இறக்கும்போதே வெளிச் சாக்கைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் லொறிக்காரரின் சீட்டில் "ஈரம்" என்று எழுதிய பிறகே ஒப்பம் வையுங்கள். உள்ளே பிரித்துப் பார்த்துச் சாயம் இறங்கியதைக் கண்ட பின் எழுதினால் யார் பொறுப்பு என்று காட்ட முடியாது.

அந்தக் கடைக்காரருக்குக் கடைசியில் என்ன கிடைத்தது?

வாட்ஸ்அப்பில் கடிதம் போன மறுநாளே முதலாளி தாமே பேசினார். வேட்டியும் சாரமும் 4 ஆம் திகதி முழுதாக வந்தன. சிறுவர் உடுப்பு 7 ஆம் திகதி வந்தது. எண்ணிப் பார்த்தபோது 180 இல் 30 குறைந்தது. சேலை வந்தது 11 ஆம் திகதி, கடைசி நாள் கடந்து மூன்றாம் நாள்.

120 சேலையையும் மறுக்க அவருக்கு உரிமை இருந்தது. ஆனால் அவற்றில் 70 நூற்சேலைகள். புதுச் சட்டை தைக்காமல் வீட்டில் இருக்கும் சட்டையோடு கட்டும் வயதான பெண்கள் அவற்றை வாங்குவார்கள். எனவே முதலாளியோடு பேசி அந்த 70 ஐயும் பத்து வீதம் விலை குறைத்து எடுத்தார். மற்ற 50 ஐயும் பிரிக்காமல், அன்று மாலையே மறுப்பை எழுதி அனுப்பிவிட்டு ஒதுக்கி வைத்தார். அடுத்த கிழமை வந்த லொறி அவற்றை ஏற்றிப்போனது.

கணக்கு இப்படி முடிந்தது. மறுத்த 50 சேலைக்கு 225,000 ரூபாவும், குறைந்த 30 உடுப்புக்கு 60,000 ரூபாவும், 70 சேலையின் விலைக்குறைப்பு 31,500 ரூபாவும் கழிந்தன. 9 இலட்சத்தில் கொடுக்க வேண்டியது 583,500 ரூபாவானது. பழைய காசோலைகள் இரண்டையும் கையில் வாங்கிக்கொண்டு, அதே திகதிகளுக்கு 300,000, 283,500 என்று புதியவை கொடுத்தார்.

தாமதத்தால் போன இலாபத்துக்கு நட்டஈடு கேட்கலாமா?

கேட்கலாம், நிரூபிப்பது கடினம். "இவ்வளவு விற்றிருப்பேன்" என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் சான்று போன வருடக் கணக்கு மட்டுமே. ஆனால் வராத சரக்கை வேறு இடத்தில் கூடிய விலைக்கு வாங்கியிருந்தால், அந்த விலை வித்தியாசத்தைக் காட்டுவது எளிது. சிட்டை இருந்தால் போதும். மேலே சொன்ன கடைக்காரர் குறைந்த 30 உடுப்பையும் 2,000 ரூபாவுக்குப் பதில் 2,300 ரூபாவுக்கு வேறிடத்தில் வாங்கினார். வித்தியாசம் 9,000 ரூபா. அவர் அதைக் கேட்கவில்லை. சேலையில் முதலாளி விட்டுக்கொடுத்ததற்கு அது ஈடாகட்டும் என்றார். நான் அவருடைய முடிவைச் சரியென்றே நினைக்கிறேன். 180 உடுப்பும் வராமல் போயிருந்தால் வித்தியாசம் 54,000 ரூபா. அதைக் கேட்கச் சொல்லியிருப்பேன்.

அப்பா காலத்திலிருந்து பழகிய இடம். ஹாஜியாருக்கு இப்படி எழுத மனம் வரவில்லை.

அப்படியென்றால் எழுதுமுன் ஒரு தரம் பேசுங்கள். "ஹாஜியார், கணக்குக்காக ஒரு கடிதம் அனுப்புகிறேன், பார்த்துவிடுங்கள்" என்று சொல்லுங்கள். கடிதத்தில் மரியாதைச் சொற்களைத் தாராளமாகப் போடலாம். திகதிகளையும் தொகைகளையும் மட்டும் மென்மையாக்காதீர்கள். "முடிந்தவரை சீக்கிரம்", "தயவு பண்ணி" என்று எழுதினால் அந்த இடத்தில் திகதி இல்லாமல் போய்விடும். பழைய முதலாளிமார் தெளிவான கணக்கைப் பார்த்துக் கோபிப்பதை நான் கண்டதில்லை. அவர்களும் அதே மாதிரிக் கடிதங்களைத் தங்கள் இறக்குமதியாளருக்கு எழுதுகிறவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை மாலையும் போய்விட்டது. பதிலே இல்லை. இனி?

அன்றிரவே கொழும்புக்குப் பஸ் ஏறுங்கள். சிட்டையையும் கடிதத்தின் பிரதியையும் கையில் எடுத்துக்கொண்டு, சனிக்கிழமை காலை கடை திறக்கும்போது அங்கே நில்லுங்கள். நாள் குறைந்த பொதி கட்டிக் கிடந்தால் உங்கள் கண்முன்னே லொறிக்கு அனுப்பச் செய்து சீட்டை வாங்குங்கள். இல்லையென்றால், அதை அவர்களாலேயே "இல்லை" என்று சிட்டையில் எழுதுவித்து ஒப்பம் வாங்கிக்கொண்டு, அதே தெருவில் அடுத்த கடையில் வாங்குங்கள். முழு எண்ணிக்கைக்கும் வாங்க வேண்டாம். 120 இல் 60 போதும், நாள் கடந்துகொண்டிருக்கிறது. வாங்கிய சிட்டையின் படத்தை முதற்கடைக்கு அனுப்பி, எந்தப் பகுதி இனி வேண்டாம் என்பதையும் எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால் இரண்டு இடத்துச் சேலையும் ஒரே நாளில் உங்கள் வாசலில் வந்து இறங்கும்.